திரையில் வரும் அப்பா என்ன செய்கிறார்? பதின்வயதுப் பிள்ளையோடு பார்க்க ஒரு படம் தேடியபோது

மாதிரித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் மகளுக்கு ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ போட்டுக் காட்டியவன் நான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கல்லூரியில் படிக்கும்போது பார்த்து மயங்கிய படம். மேசை மேல் ஏறி நிற்கும் ஆசிரியர், குகையில் கூடிக் கவிதை வாசிக்கும் பையன்கள், இதுதான் என் நினைவில் இருந்தது. நீல் என்ற பையனுக்கு என்ன ஆகிறது என்பது எப்படியோ மங்கிப் போயிருந்தது. படம் முடிந்தது. “நல்லா இருந்துச்சுப்பா” என்று சொல்லிவிட்டுப் பதினாறு வயதுக்காரி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த “நல்லா இருந்துச்சு”க்குப் பிறகு அன்றைக்கு வேறு பேச்சில்லை.

எங்கே பிசகினேன் என்று பின்னால்தான் பிடிபட்டது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் பிள்ளை. நீலோடு சேர்ந்து அவன் அப்பாவைத் திட்டினேன். இப்போது சோபாவில் அப்பாவாக உட்கார்ந்திருக்கிறேன். திரையிலும் ஓர் அப்பா இருக்கிறார். பக்கத்தில் இருப்பவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பிள்ளையும் நண்பர்களும் மட்டும் பார்க்கும் படத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தேர்வும் குடும்ப நெருக்கடியும் வரும் படத்தைச் சேர்ந்து பார்ப்பதென்றால், படம் நல்ல படமா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அதில் வரும் பெற்றோர் என்ன செய்கிறார்கள், கடைசிக் காட்சிக்குப் பிறகு இந்தச் சோபாவில் இருக்கும் பெற்றோருக்குச் சொல்ல ஏதாவது மிச்சம் வைக்கிறார்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அந்தக் கணக்கில் நான்கு படங்களை மறுபடி தனியாகப் பார்த்தேன். நான்குமே புகழ்பெற்றவை. நான்கிலும் தேர்வு உண்டு, நட்பு உண்டு, வீட்டு நெருக்கடி உண்டு. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு பேச்சில் கொண்டுபோய் விடுகின்றன.

முதலில் என் கையைச் சுட்ட படம். 1989-இல் பீட்டர் வியர் இயக்கியது, ராபின் வில்லியம்ஸ் ஆசிரியர் கீட்டிங்காக நடித்தது. கதை நடப்பது 1959-இல், அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளியில். நீலின் அப்பா கை நீட்டி அடிப்பவரில்லை. படத்தின் தொடக்கத்தில் அவர் செய்வது மிகச் சின்ன காரியம். பள்ளி ஆண்டு மலர் வேலையிலிருந்து விலகிக்கொள், படிப்பு கெடும் என்கிறார். பையன் நண்பர்கள் எதிரில் மறுத்துப் பேச, வெளியே அழைத்துப்போய், மற்றவர் முன்னால் என்னை எதிர்த்துப் பேசாதே என்று அடக்குகிறார். இந்தப் படத்தில் ஒரு பெற்றோர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய இடம் இதுதான். இப்படி ஒரு வேலையை நானும் விடச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் படம் அங்கே நிற்பதில்லை. நீல் நாடகத்தில் நடிக்கிறான், அப்பா அவனை வீட்டுக்கு இழுத்துவந்து ராணுவப் பள்ளி, ஹார்வர்டு, மருத்துவம் என்று பத்து ஆண்டுத் திட்டத்தை விரிக்கிறார், அன்றிரவே பையன் அப்பாவின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்கிறான். சுடுவது திரையில் இல்லை. இருந்தாலும் அதற்கு முந்தைய சில நிமிடங்கள், நாடகத்தில் அணிந்த கிரீடத்தைத் தலையில் வைத்து, திறந்த ஜன்னலருகே அவன் நிற்பது, ஒரு சடங்கைப் போல அழகாகப் படமாக்கப்பட்டிருக்கிறது. அந்த அழகுதான் எனக்குப் பயம். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் திரை, நாடகத் துறையினருக்கென்றே ஒரு தற்கொலைத் தடுப்புக் கையேடு வெளியிட்டது. செயலையும் முறையையும் விவரித்துக் காட்டாதீர்கள், சிக்கலிலிருந்து வெளியே வரும் வழியையும் உதவி கேட்பதையும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். அது வருவதற்கு முப்பது ஆண்டு முன்பே எடுத்த படத்தைக் குறை சொல்லி என்ன பயன்? தேர்ந்தெடுக்கிறவருக்கு அது உரைகல்லாக இருந்தால் போதும். வயதுச் சான்றிதழை நம்ப முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி. அமெரிக்காவில் இதற்குக் கொடுத்தது வெறும் ‘பிஜி’தான், பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவரும் பார்க்கலாம் என்ற சான்று. சான்றிதழ்கள் வசவையும் உடலையும் எண்ணுகிற அளவுக்கு மனச்சுமையை எண்ணுவதில்லை.

இதில் பெற்றோருக்கு மிச்சம் வைப்பது என்ன? எதுவுமில்லை. அந்த அப்பா கடைசிவரை ஒரு சுவர். சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து “நான் அப்படி இல்லம்மா” என்று சொன்னால் அது மன்னிப்பு மாதிரியும் இருக்காது, பேச்சு மாதிரியும் இருக்காது. தேர்வெல்லாம் முடிந்த விடுமுறையில், கலை, கவிதை என்று பேசக்கூடிய பிள்ளையோடு பார்க்கலாம். தேர்வுக் காலத்தில் வேண்டாம். உயிரை விடுவது பற்றி ஒரு சொல்லாவது சொல்லியிருக்கும் பிள்ளைக்கு எந்தப் படமும் மருந்தில்லை. அங்கே முதல் வேலை நேராகக் கேட்பது, மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போவது.

எல்லோரும் முதலில் சொல்லும் படம் ‘நண்பன்’, அல்லது அதன் மூலமான ‘3 இடியட்ஸ்’. ராஜ்குமார் ஹிரானியின் இந்திப் படம் 2009-இல் வந்தது. ஷங்கரின் தமிழ்ப் படம் 2012-இல். ‘நண்பன்’ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுகிறது. வசனத்தை எழுத்தில் படிக்க வேண்டாம், சிரிக்கலாம், வீட்டில் எல்லோரும் உட்காரலாம். இதில் வரும் அப்பா உருகுகிறார். பொறியியல் படிக்க வைத்த மகன், எனக்குக் காட்டில் புகைப்படம் எடுக்கத்தான் ஆசை என்று வந்து நிற்கும் காட்சியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பதமான காட்சிதான். ஆனால் அந்த உருக்கம் படத்துக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. வீட்டுக்குள் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. “பாத்தியா, அவங்கப்பா ஒத்துக்கிட்டாரு” என்பதோடு முடிந்துவிடும்.

எனக்கு இதில் இன்னொரு தயக்கமும் உண்டு. நாயகன் மதிப்பெண்ணைத் தேடி ஓடாதே என்கிறான், ஆனால் அவன்தான் வகுப்பில் முதல். ஓடாமலே முதலிடம் வருகிறவன் ஓடாதே என்று சொல்வது சுலபம். எழுபது வாங்கக் கஷ்டப்படும் பிள்ளை இதைப் பார்த்து என்ன எடுத்துக்கொள்ளும்? அந்தப் பிள்ளைக்கு உண்மையில் பக்கத்தில் நிற்பவன் நாயகனில்லை. தமிழில் ஜீவா நடித்த ஏழைப் பையன்தான், குடும்பத்தின் மொத்த எதிர்பார்ப்பையும் தோளில் வைத்துக்கொண்டு தேர்வு அறையில் நடுங்குகிறவன். படத்தை நிறுத்திப் பேசுவதென்றால் அவனைப் பற்றிப் பேசுங்கள். நண்பன் தோற்றால் வருத்தம், முதலாவதாக வந்தால் அதைவிட வருத்தம் என்று ஒரு வசனம் வருமே, அங்கேயும் ஒரு நிமிடம் நிற்கலாம். பதின்வயதினர் அதைச் சிரித்துக் கடந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்கிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. முதல் பாதியில் ஒரு மாணவன் தூக்கில் தொங்குவது திரையில் வருகிறது. பின்னால் இன்னொருவன் ஜன்னலிலிருந்து குதித்துப் பிழைக்கிறான். அதோடு, மேடைப் பேச்சில் ஒரு சொல்லை மாற்றி வைத்துப் பாலியல் வன்முறையைச் சிரிப்பாக்கும் நீண்ட காட்சி ஒன்று. அரங்கமே அதிரச் சிரித்த காட்சி. மகள் பக்கத்தில் இருக்கும்போது அது எப்படிக் கேட்கிறது என்பதைத் தனியாகப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். தவிர்க்கச் சொல்லவில்லை. சிரிக்காமல் இருந்தாலே அவளுக்குப் புரியும்.

இதே குடும்பத்தில் ‘சிச்சோரே’யையும் சேர்க்கலாம். நிதேஷ் திவாரி இயக்கி 2019-இல் வந்த இந்திப் படம். நுழைவுத் தேர்வில் தேறாத மகன் மாடியிலிருந்து குதிக்க, மருத்துவமனையில் அவன் படுக்கையருகே அப்பா தன் கல்லூரித் தோல்விகளைக் கதையாகச் சொல்கிறார். ஜெயித்தால் எப்படிக் கொண்டாடலாம் என்று பேசினேனே, தோற்றால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அவர் உடைவது, நான் பார்த்த இந்த வகைப் படங்களிலேயே பெற்றோருக்கு நேராக வந்து தைக்கும் இடம். அந்த ஒரு காட்சிக்காகப் பெற்றோர் தனியாகப் பார்க்கலாம். பிள்ளையோடு என்றால், முடிவு வந்து, அது ஏமாற்றமாக இருந்து, சில மாதம் ஆறிய பிறகு.

இனி வருவது எதிர்த்துருவம். ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’, 1995-இல் ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்திலிருந்து வந்த அனிமேஷன், இயக்கியவர் யோஷிஃபுமி கோண்டோ, திரைக்கதை ஹயாவோ மியாசாகி. 111 நிமிடம். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்கும் ஆண்டில், ஷிசுகு என்ற பெண் படிப்பை ஓரம் வைத்துவிட்டு ஒரு கதை எழுத உட்கார்கிறாள். அவளுக்குப் பிடித்த பையன் வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலிக்குப் போகத் துடிப்பதைப் பார்த்து வந்த வேகம் அது. மதிப்பெண் சரிகிறது. அக்கா கத்துகிறாள். அப்போது அப்பாவும் அம்மாவும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

அந்த மேசைக் காட்சிக்காகவே இந்தப் படத்தை நான் பட்டியலில் வைத்திருக்கிறேன். என்ன செய்கிறாய் என்று கேட்கிறார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதும் இல்லை. சரி, உனக்கு எது சரியென்று படுகிறதோ செய்து பார், ஆனால் மற்றவர் போகாத வழியில் போவது சுலபமில்லை, என்ன ஆனாலும் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்கிற பொருளில் அப்பா பேசுகிறார். அனுமதியும் எச்சரிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. அதைவிட முக்கியம் அடுத்து நடப்பது. அவள் எழுதி முடித்த கதை அற்புதமாக இல்லை. முதலில் படித்த பெரியவர், பட்டை தீட்டாத கல் என்கிறார். அவள் அழுகிறாள், இன்னும் கற்க வேண்டும் என்று தானாக உணர்ந்து படிப்புக்குத் திரும்புகிறாள். ஆசையைப் பின்தொடர்ந்தால் வெற்றி என்ற பொய்யும் இதில் இல்லை, ஆசை வீண் என்ற பாடமும் இல்லை.

குறை? மெதுவாக நகரும். முதல் அரை மணி நேரம் நூலக அட்டை, பூனை, மேட்டுத் தெரு என்றே போகும். கைப்பேசியோடு உட்காரும் பிள்ளை அங்கேயே கழன்றுவிடும். கடைசியில் அந்த வயதுப் பையன் கல்யாணம் வரை பேசுவது பதினாறு வயதுக்காரர்களுக்குக் கேலிக்குரிய விஷயம். கேலி செய்யட்டும். வீட்டுக்குள் சண்டை சூடாக ஓடிக்கொண்டிருக்கும் நாளில் இதைப் போட்டாலும், “அந்த அப்பா மாதிரி நீங்க இல்லையே” என்ற பதில்தான் வரும். ஓரளவு அமைதி இருக்கும்போது, பிள்ளைக்குத் தன் போக்கில் ஏதோ ஒரு பித்து இருக்கும்போது, இதைவிடச் சிறந்த படம் எனக்குத் தெரியாது.

என் வீட்டு நிலைமை அப்போது அதுவாக இல்லை. மாதிரித் தேர்வில் மகளுக்குக் கணக்கில் மதிப்பெண் சரிந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. தேர்வு அறையில் அவளுடைய நெருங்கிய தோழி விடையைக் காட்டச் சொல்ல, இவள் காட்ட, கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு இவளை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார். பதற்றத்தில் மீதிக் கேள்விகள் போயின. அன்றிலிருந்து தோழியோடு பேச்சில்லை. இதெல்லாம் எனக்கு வேறொரு பிள்ளையின் அம்மா மூலம் தெரிந்தது. நேராகக் கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்பாள் என்று தெரியும். காப்பியடிப்பது தவறு என்ற வகுப்பு அவளுக்குத் தேவையில்லை. மறுக்க முடியாத ஒரு நட்பில் எங்கே நிற்பது என்பதுதான் அவளுடைய சிக்கல். அந்த இடத்தில் ‘நண்பன்’ உதவாது. அதில் நாயகர்களே நண்பனுக்காக வினாத்தாளைத் திருடப் போகிறார்கள், படமும் அதை நட்பின் கணக்கில் எழுதிவிடுகிறது.

மிஞ்சியது ‘பேட் ஜீனியஸ்’. தாய்லாந்துப் படம், 2017, இயக்கியவர் நட்டாவுட் பூன்பிரியா, 130 நிமிடம். லின் கெட்டிக்காரப் பெண். முதலில் தோழி கிரேஸுக்கு ஒரே ஒரு தடவை, ஓர் அழிப்பானில் விடை எழுதிக் காலணிக்குள் வைத்துத் தள்ளிவிடுகிறாள். அது உதவி. அடுத்து கிரேஸின் பணக்காரக் காதலன் பாட் வருகிறான், காசு வருகிறது, விடைகளைப் பியானோ வாசிக்கும் விரலசைவுகளாக மாற்றிச் சொல்லும் முறை வருகிறது. அது வியாபாரம். உதவி எந்த நொடியில் வியாபாரமானது என்று கைவைத்துச் சொல்ல முடியாதபடி படம் நழுவிக்கொண்டே போகிறது. பிற்பாதியில் லின்னும், சலவைக் கடை நடத்தும் அம்மாவின் மகன் பேங்கும், நேர வித்தியாசத்தைப் பயன்படுத்த சிட்னிக்குப் பறந்து ஒரு சர்வதேசத் தேர்வின் விடைகளை மனப்பாடம் செய்து அனுப்புகிறார்கள். கொள்ளைப் படத்தின் வேகம். கைப்பேசியை யாரும் தொட மாட்டார்கள்.

ஆனால் நான் இதைத் தேர்ந்தது லின்னின் அப்பாவுக்காக. மனைவியைப் பிரிந்து வாழும் ஆசிரியர், சாந்தமானவர், மகளை மிரட்டுவதே இல்லை. நெருக்கடி அவரிடமிருந்து அன்பின் உருவத்தில் வருகிறது. பெரிய பள்ளியில் சேர்க்கை நேர்காணலில், இங்கே படித்தால் போக்குவரத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று லின் மளமளவென்று கணக்குப் போட்டு, அப்பாவுக்கு இந்தச் செலவு வேண்டாம் என்று நிறுவப் பார்க்கிறாள். பள்ளி அவளுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. ஆனாலும் அப்பா அந்தப் பள்ளிக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார் என்பது பின்னால் தெரியவருகிறது. பள்ளியே காசு வாங்கும்போது நான் வாங்கினால் என்ன என்று அவள் மனம் கேட்கும் இடம் அது. கத்துகிற அப்பாவைவிட இந்த அப்பா எனக்கு நெருக்கமானவர். கட்டணத்தை மறைத்துக் கட்டுவது நானும் செய்வதுதானே. கடைசியில், இன்னொரு மோசடிக்குக் கூப்பிடும் பேங்கை மறுத்து, அப்பா துணையிருக்க உண்மையைச் சொல்லப் போகிறாள் லின். பெற்றோருக்கு இந்தப் படம் மிச்சம் வைப்பது அந்த இடம்தான், கூட இருப்பது.

இதற்கும் ஒரு தாக்கீது உண்டு. மோசடியை இவ்வளவு சாமர்த்தியமாக, இவ்வளவு ரசனையோடு காட்டும்போது பார்ப்பவர் மனம் திருடர் பக்கம்தான் இருக்கும். என் மகள் பியானோ காட்சியில் கைதட்டினாள். அதை அடக்கக் கூடாது, அந்தக் கைதட்டல் இல்லாவிட்டால் பின்பாதி வலிக்காது. விளைவு ஏழைப் பையன் தலையில் மட்டும் விடிகிறது, காசு கொடுத்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள் என்பதும் உறுத்தும். பேங்கை ஆள்வைத்து அடித்துக் குப்பையில் தள்ளும் காட்சி கடுமை.

இரண்டு இரவாகப் பிரித்துப் பார்த்தோம். வெளிநாட்டு உதவித்தொகை வாய்ப்பை லின் இழக்கும் இடத்தில் முதல் நாள் நிறுத்தம். ரிமோட் அவளிடம். முந்தைய தவறிலிருந்து கற்றது, படம் முடிந்ததும் ஒன்றும் கேட்பதில்லை என்பது. “என்ன புரிஞ்சுது?” என்ற கேள்வி எந்தப் படத்தையும் பாடப்புத்தகமாக்கிவிடும். பார்க்க வேண்டியது வேறு. எந்தக் காட்சியில் தண்ணீர் குடிக்க எழுகிறாள், எங்கே கைப்பேசியை எடுக்கிறாள், எங்கே பக்கவாட்டில் நம் முகத்தைப் பார்க்கிறாள். அழிப்பான் காட்சியில் அவள் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று இரவு, “நாளைக்கு மீதி பாக்கலாம், அவ என்னப்பா பண்ணியிருக்கணும்? முதல் தடவையே முடியாதுன்னு சொன்னா கிரேஸ் போயிடுவா இல்ல?” என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. போகட்டும் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். அரை மணி நேரம் கிரேஸைப் பற்றிப் பேசினோம். பாதியில் கிரேஸின் பெயர் மறந்து, “அவ எப்பவுமே இப்படித்தான், அழுதிடுவா, அப்புறம் நான்தான் கெட்டவ” என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் இரவு படம் முடிந்தது. பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரையைப் பார்த்தபடியே, “அப்பா, என் ஸ்கூலுக்கு, டியூஷனுக்கு எல்லாம் சேத்து வருஷத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க?” என்றாள். வழக்கமாக “அதெல்லாம் உனக்கெதுக்கு” என்பேன். அன்றைக்கு ஒரு தாளை எடுத்து வந்து எழுதிக் காட்டினேன். அவள் கூட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் நான் தவறாகக் கூட்டியிருந்தேன், திருத்தினாள்.